ஊராட்சி பட்ஜெட் எப்படிப் போடுகிறார்கள்? ஒன்பதாம் வகுப்பில் கேட்ட கேள்விகள்

எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் குடிமையியல் பாடத்துக்காக ஒரு மணி நேரம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் 26 வருடம் கிராம ஊராட்சி செயலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு மணி நேரம் என்றது இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது, பிள்ளைகள் விடவில்லை. அவர்கள் கேட்டதை அவர்கள் வார்த்தையிலும், நான் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியும் இங்கே எழுதியிருக்கிறேன். கரும்பலகையில் போட்ட கணக்கு எந்த ஊருடையதும் அல்ல. 800 வீடு, 2,900 பேர், ஒரு தாய்க் கிராமம், இரண்டு குக்கிராமம் என்று கணக்குக்காக நானே வைத்துக்கொண்ட ஊராட்சி அது. தொகைகள் எல்லாம் முழு எண்ணாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஐயா, பட்ஜெட்டை யார் போடுறாங்க? தலைவரா, நீங்களா?

எழுதுவது செயலர். பொறுப்பு தலைவருடையது. அதை ஏற்பதா வேண்டாமா என்று சொல்வது ஊராட்சி மன்றம், அதாவது நீங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பும் வார்டு உறுப்பினர்கள். அவர்களுக்கும் மேலே கிராம சபை இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 3-வது பிரிவு, ஊராட்சியின் வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவதைக் கிராம சபையின் வேலைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் கிராம சபை உறுப்பினர்கள்தான். உங்கள் அம்மாவும் அதில் ஒருவர்.

காகிதம் போகிற வழி இதுதான்: செயலர் வரைவு தயார் செய்வார், தலைவர் அதை மன்றத்தில் வைப்பார், உறுப்பினர்கள் பேசித் திருத்தித் தீர்மானம் போடுவார்கள், கிராம சபையில் படிப்பார்கள், ஒன்றிய அலுவலகத்துக்கு நகல் போகும். ஒவ்வொரு ஒன்றியத்திலும் கிராம ஊராட்சிகளைப் பார்ப்பதற்கென்றே ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் உண்டு. குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு மாதிரி கட்டாயக் கடமைகளுக்குப் பணம் ஒதுக்காமல் விட்டிருந்தால் அவர் கண்ணில்தான் முதலில் படும். மாவட்ட ஆட்சியர்தான் சட்டப்படி ஊராட்சிகளின் ஆய்வாளர் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், தேர்வில் கேட்பார்கள்.

ஏப்ரல்ல ஆரம்பிக்குற வருஷத்துக்கு மார்ச்ல உட்கார்ந்து எழுதுவீங்களா?

மார்ச்சில் உட்கார்ந்தால் அது பட்ஜெட்டாக இருக்காது. போன வருட எண்களைப் பார்த்து எழுதி, மேலே பத்து சதவீதம் கூட்டியதாகத்தான் இருக்கும். அப்படி எழுதிய பட்ஜெட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

வேலை அக்டோபரில் தொடங்க வேண்டும். காந்தி ஜெயந்தி அன்று நடக்கும் கிராம சபையில் அடுத்த வருடம் என்னென்ன வேலை வேண்டும் என்று மக்கள் சொல்வார்கள். அதை வைத்துக் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் எழுதுவோம். 2018-லிருந்து நாடு முழுக்க இதை ஒரு இயக்கமாகவே அக்டோபர் 2-ல் தொடங்குகிறார்கள். நவம்பர், டிசம்பரில் வரி வசூல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஜனவரியில் வரைவு. அப்புறம் மன்றக் கூட்டம், அதில் இரண்டு சண்டை, ஒரு சமாதானம், தீர்மானம். மார்ச் 31-க்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

ஒன்றை மனதில் வையுங்கள். வளர்ச்சித் திட்டம் என்பது ஊர் வேண்டும் என்று சொன்னது. பட்ஜெட் என்பது ஊரால் முடிந்தது. அக்டோபரில் எழுதிய பட்டியலில் 22 வேலை இருந்தால், ஏப்ரலில் நான்கோ ஐந்தோதான் நிற்கும்.

ஊராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருது?

மூன்று வாசல். முதல் வாசல் சொந்த வருமானம். வீட்டு வரி, குடிநீர் இணைப்புக்கு மாதாமாதம் கட்டும் கட்டணம், தொழில் வரி, வீடு கட்ட வரைபட அனுமதிக்கு வாங்கும் கட்டணம், கடைகளின் உரிமக் கட்டணம், குத்தகை. தொழில் வரி யார் கட்டுகிறார்கள் என்று கேட்டால் உங்கள் முன்னால் நிற்கும் ஆசிரியர்தான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவர் சம்பளத்தில் பிடித்து ஊராட்சிக்கு வருகிறது. நம் கரும்பலகை ஊராட்சிக்கு இந்த வாசலில் வருடத்துக்கு 3 லட்சம் ரூபாய் வருகிறது என்று வைப்போம்.

இரண்டாம் வாசல் மாநில நிதிக்குழு மானியம். அரசியலமைப்பின் 243-I பிரிவுப்படி ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாநிலம் ஒரு நிதிக்குழு அமைக்க வேண்டும். மாநிலம் வசூலிக்கும் வரியில் உள்ளாட்சிகளுக்கு எவ்வளவு என்று அந்தக் குழு பரிந்துரைக்கும். தமிழ்நாட்டில் மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் என்ற கணக்கில் உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்து வந்திருக்கிறார்கள். ஒரு ஊருக்கு எவ்வளவு என்பதில் மக்கள்தொகைக்கு முக்கிய இடம். நம் ஊராட்சிக்கு 12 லட்சம் என்று வைப்போம்.

மூன்றாம் வாசல் மத்திய நிதிக்குழு மானியம். டெல்லியிலிருந்து மாநிலம் வழியாக வருவது. இதற்கு 10 லட்சம்.

மொத்தம் 25 லட்சம். ஊரின் சொந்தப் பணம் அதில் எட்டில் ஒரு பங்கு கூட இல்லை என்பதைப் பாருங்கள். ஆனால் ஊர் தன் கையால் கூட்டவும் குறைக்கவும் முடிகிற ஒரே வாசல் அதுதான். அதனால்தான் அடுத்த கேள்விக்கு நீண்ட பதில் சொல்லப்போகிறேன்.

வீட்டு வரி கட்டாதவங்க இருந்தா அந்தக் காசை எப்படிக் கணக்குல எழுதுவீங்க?

நல்ல கேள்வி கேட்டாய் தம்பி. பட்ஜெட் உருப்படுவதும் கெடுவதும் இந்த இடத்தில்தான்.

ஊராட்சி அலுவலகத்தில் கேட்பு, வசூல், நிலுவை என்று ஒரு பதிவேடு உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் ஒரு பதிவு. இந்த வருடம் கட்ட வேண்டியது எவ்வளவு, அது நடப்புக் கேட்பு. போன வருடங்களில் கட்டாமல் விட்டது எவ்வளவு, அது நிலுவைக் கேட்பு. இரண்டையும் கூட்டினால் மொத்தக் கேட்பு. அதில் வந்தது வசூல். வராதது மறுபடி நிலுவை, அடுத்த வருடப் பக்கத்துக்குப் போகும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நிலுவையைச் சிவப்பு மையில் எழுதுவோம். சில பக்கங்களில் நீல எழுத்தைத் தேட வேண்டியிருக்கும்.

இப்போது கணக்கு. 800 வீடு, வீட்டுக்குச் சராசரியாக 200 ரூபாய் என்றால் நடப்புக் கேட்பு 1,60,000. பழைய நிலுவை 90,000. மொத்தக் கேட்பு 2,50,000.

பட்ஜெட்டில் வரவாக 2,50,000 எழுதலாமா? கட்ட வேண்டிய பணம்தானே, சட்டப்படி நமக்கு உரியதுதானே என்று தோன்றும். ஆனால் எழுதக் கூடாது. போன வருடம் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். நடப்பில் 1,12,000 வந்தது, அதாவது 70 சதவீதம். நிலுவையில் வெறும் 18,000 வந்தது. ஆக 1,30,000. வேறு எதுவும் மாறவில்லை என்றால் அடுத்த வருடத்துக்கும் இதைத்தான் எழுத வேண்டும்.

நிலுவை ஏன் அசையாமல் கிடக்கிறது என்று பதிவேட்டைப் புரட்டினால் தெரியும். நான் இருந்த ஊரில் ஒரு வீடு. எட்டு வருடமாகப் பூட்டு. குடும்பம் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டது. வாசலில் வேப்பங்கன்று முளைத்து, நான் ஓய்வு பெறும்போது கூரை உயரம் வந்துவிட்டது. ஒவ்வொரு ஏப்ரலிலும் அந்த வீட்டுக்கு ஒரு கேட்பு எழுதுவோம், ஒவ்வொரு மார்ச்சிலும் அது நிலுவைக்குப் போகும். இப்படி நாற்பது, ஐம்பது வீடு இருந்தால் நிலுவை என்ற எண் வருடா வருடம் பெருத்துக்கொண்டே போகும், ஆனால் அதில் காசு கிடையாது. அந்த எண்ணை நம்பி வேலை எழுதினால் அந்த வேலைக்குப் பணம் எங்கிருந்து வரும்?

வசூலைக் கூட்ட வழி இல்லையா என்றால், இருக்கிறது. புதிதாகக் கட்டிய வீடுகளுக்கு வரி விதிக்காமல் விட்டிருப்பார்கள். அதைக் கண்டுபிடித்தால் உண்மையான வருமானம் கூடும். இப்போது vptax.tnrd.tn.gov.in என்ற தளத்திலேயே வரி கட்டலாம், வெளியூரில் இருப்பவருக்கும் அது வசதி. அப்படி 20 வீட்டுக்குப் புதிதாக வரி விதித்திருந்தால் அந்த அளவுக்கு மட்டும் வரவைக் கூட்டி எழுதலாம். காரணம் இருந்தால்தான் எண் ஏற வேண்டும்.

இன்னொன்று. வீட்டு வரி ரசீதை வீட்டில் எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும், வரியில் ரூபாய்க்கு 10 பைசா. அது ஊராட்சிப் பணம் அல்ல. வாங்கி, நூலக ஆணைக் குழுவுக்கு அனுப்ப வேண்டிய பணம். நம் கணக்கில் 1,30,000-க்கு 13,000. அதனால்தான் அதை 3 லட்சத்தில் நான் சேர்க்கவில்லை. வரவுப் பக்கத்தில் எழுதினால் செலவுப் பக்கத்திலும் அதே தொகையை எழுதிவிட வேண்டும். வரவில் மட்டும் எழுதி மறந்துவிட்டால், அடுத்தவர் பணத்தை நம் பணம் என்று நினைத்துச் செலவு செய்துவிடுவோம்.

எல்லாப் பணத்தையும் ஒண்ணாப் போட்டு, தேவைப்படுறதுக்குச் செலவு பண்ணலாமே?

வீட்டில் அப்படித்தான் செய்வோம். ஊராட்சியில் முடியாது. ஒவ்வொரு பணத்துக்கும் எதற்கு என்ற நிபந்தனை சேர்ந்தே வருகிறது.

மத்திய நிதிக்குழு மானியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 முதல் 2026 வரையிலான ஐந்து வருடத்துக்கு 15-வது நிதிக்குழு சொன்ன ஏற்பாடு இது: மானியத்தில் 60 சதவீதம் நிபந்தனைக்கு உட்பட்டது. அதில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. மற்ற பாதி சுகாதாரத்துக்கு. மிச்சம் 40 சதவீதத்தை ஊரின் தேவையைப் பார்த்துச் செலவு செய்யலாம், ஆனால் அதிலிருந்தும் சம்பளமோ அலுவலகச் செலவோ செய்யக் கூடாது. ஆக நம் 10 லட்சத்தில் 3 லட்சம் தண்ணீருக்கு, 3 லட்சம் சுகாதாரத்துக்கு, 4 லட்சம் மற்ற வேலைக்கு.

தெருவிளக்குக்கு மின்கட்டணம் கட்டப் பணம் இல்லை, சுகாதாரப் பணம் 3 லட்சம் வங்கியில் சும்மா கிடக்கிறது என்ற நிலை வரும். இதைக் கிராம சபையில் விளக்குவது ரொம்பக் கஷ்டம். பாஸ்புக்கில் பணம் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் அந்தப் பணம் கழிவுநீர் உறிஞ்சு குழிக்கு மட்டும்தான் போகும்.

இப்படிக் கலந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் தனித்தனி வங்கிக் கணக்கு வைப்போம். நான் வேலை பார்த்த காலத்தில் அடிப்படையாக மூன்று: முதல் கணக்கு ஊராட்சிப் பொது நிதி, இரண்டாம் கணக்கு மின்கட்டணத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும், மூன்றாம் கணக்கு திட்டப் பணம். காசோலையில் தலைவர், துணைத் தலைவர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத ஊரில் மோட்டார் ரிப்பேருக்குக் கூடப் பணம் எடுக்க முடியாமல் மாதக்கணக்கில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். பட்ஜெட் சரியாகவே இருக்கும், ஆனால் தண்ணீர் வராது.

முதல்ல எதுக்குப் பணம் ஒதுக்குவீங்க?

கரண்ட் பில். யோசிக்கவே வேண்டாம்.

நம் ஊராட்சியில் மூன்று போர்வெல் மோட்டார், ஒவ்வொன்றும் 5 குதிரைத்திறன். ஒரு மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 3.7 யூனிட். மேல்நிலைத் தொட்டியை நிரப்ப நாளுக்கு 6 மணி நேரம் ஓடுகிறது என்றால் 22 யூனிட் சொச்சம், மாதத்துக்கு 666. யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் மாதம் 5,328 ரூபாய். மூன்று மோட்டாருக்கும் சேர்த்துச் சுமார் 16,000.

தெருவிளக்கு 240. எல்லாம் 20 வாட் எல்.இ.டி. இரவு முழுக்க 12 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 57.6 யூனிட். மாதம் 1,728 யூனிட், சுமார் 14,000 ரூபாய். விடிந்த பிறகும் அணைக்காமல் இன்னும் இரண்டு மணி நேரம் எரிந்தால் மாதம் 2,300 ரூபாய் சேர்ந்துபோகும். காலையில் பள்ளிக்கு வரும்போது எரிகிற விளக்கைப் பார்த்தால் இந்தக் கணக்கு நினைவுக்கு வரட்டும்.

ஆக மாதம் 30,000, வருடத்துக்கு 3,60,000. ஊரின் சொந்த வருமானம் மொத்தமே 3 லட்சம்தான் என்று முன்னால் எழுதினோம், ஞாபகம் இருக்கிறதா? வெளிச்சத்துக்கும் தண்ணீருக்குமே அது பற்றவில்லை.

அடுத்தது ஆட்கள். தொட்டி இயக்குபவர்கள், தூய்மைப் பணியாளர்கள் ஊதியம் எல்லாம் சேர்த்து 4,50,000 என்று வைப்போம். பிறகு பராமரிப்பு: மோட்டார் காயில் எரிந்துபோவது, குழாய் உடைப்பு, பல்பு, குளோரின் பவுடர். இதற்கு 2,40,000. மோட்டார் எப்போது எரியும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் வருடத்தில் ஒன்றாவது எரியும் என்று எல்லாருக்கும் தெரியும். அது பெரும்பாலும் சித்திரை வெயிலில்தான் நடக்கும், நிதியாண்டு பிறந்து முதல் மானியம் கூட வந்திருக்காது. அதனால் மார்ச் முடியும்போது பொது நிதியில் கொஞ்சம் இருப்பை விட்டு வைப்பது நல்ல செயலர்களின் பழக்கம். அலுவலகச் செலவு, கூட்டச் செலவு 60,000.

கூட்டினால் 11,10,000.

அப்போ ரோடு போட எவ்வளவு மிஞ்சும்?

சொந்த வருமானம் 3 லட்சம், மாநில மானியம் 12 லட்சம், சேர்த்தால் 15 லட்சம். அதில் 11,10,000 போனால் 3,90,000. போன வருடம் கட்டாமல் விட்ட பில்கள் 90,000 இருக்கிறது என்று வைப்போம். அதை முதலில் தீர்க்க வேண்டும். மிச்சம் 3 லட்சம். மத்திய மானியத்தில் நிபந்தனை குறைந்த 4 லட்சத்தையும் சேர்த்தால் 7 லட்சம்.

25 லட்சம் ரூபாய் பட்ஜெட்டில் ஊர் உட்கார்ந்து "இதைச் செய்யலாமா, அதைச் செய்யலாமா" என்று பேச முடிகிற பணம் இந்த 7 லட்சம்தான். கிராம சபையில் நடக்கும் வாக்குவாதம் முழுக்க இதைச் சுற்றித்தான், பேசுபவர்களுக்கு அது தெரியாவிட்டாலும்.

காலனித் தெருவுக்குப் பேவர் பிளாக் சாலை கேட்கிறார்கள். நீளம் 150 மீட்டர், அகலம் 3 மீட்டர், ஆக 450 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 900 ரூபாய் என்று ஒன்றிய ஓவர்சியர் மதிப்பீடு போட்டால் 4,05,000. ஒரே தெரு, பாதிக்கு மேல் பணம் போய்விட்டது. சுடுகாட்டுக்குச் சுற்றுச்சுவர் கேட்பவர்களும், நூலகக் கூரை ஒழுகுகிறது என்பவர்களும் மிச்சம் 2,95,000-க்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் மேற்கே உள்ள குக்கிராமத்துக்குக் குடிநீர்க் குழாய் நீட்ட வேண்டும் என்றால், அதை இந்த 7 லட்சத்தில் எழுதவே கூடாது. அதற்குத் தண்ணீர்ப் பணம் 3 லட்சம் தனியாக இருக்கிறது. எந்த வேலையை எந்தப் பணத்தில் வைப்பது என்று தெரிந்து எழுதினால் அதே 25 லட்சத்தில் ஒரு வேலை கூடுதலாக நடக்கும். செயலரின் கைத்திறமை என்று ஏதாவது இருந்தால் அது இதுதான்.

கிராம சபையில கேட்டா உடனே செஞ்சிடுவாங்களா?

உடனே நடக்காது. தீர்மானம் முதல் படி. அப்புறம் பொறியாளர் அளந்து மதிப்பீடு போட வேண்டும், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி வேண்டும், ஒப்பந்தம் விட வேண்டும், வேலை நடந்ததும் அளவுப் புத்தகத்தில் பதிந்த பிறகுதான் பணம். ஏப்ரலில் பட்ஜெட்டில் வந்த சாலை ஐப்பசி மழைக்கு முன்னால் முடிந்தால் வேகமான ஊராட்சி என்று சொல்லலாம்.

ஆனால் கேட்காமல் இருந்தால் அந்த வேலை பட்டியலுக்கே வராது. கிராம சபை முன்பு வருடத்துக்கு 4 முறை கட்டாயமாக நடந்தது: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022-லிருந்து மார்ச் 22-ஆம் தேதி உலகத் தண்ணீர் தினத்தையும் நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சிகள் தினத்தையும் சேர்த்து 6 ஆக்கினார்கள். நம் கரும்பலகை ஊர் மாதிரி 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊருக்கு 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும்.

எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். "ரோடு சரியில்லை" என்று சொன்னால் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். "மாரியம்மன் கோயிலிலிருந்து அங்கன்வாடி வரை, சுமார் 150 மீட்டர், மழை பெய்தால் பிள்ளைகள் நடக்க முடியவில்லை, நிபந்தனை இல்லாத மானியத்தில் வைக்க வேண்டும்" என்று சொன்னால் அதை ஒதுக்குவது கஷ்டம். எழுதி மனுவாகவும் கொடுத்துவிட்டு, தீர்மானப் புத்தகத்தில் வந்திருக்கிறதா என்று கூட்டம் முடிவதற்குள் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். உங்களுக்கு 18 வயது ஆகும் வரை கை தூக்க முடியாது. அம்மா அப்பாவுக்கு எழுதிக் கொடுக்கலாமே.

பட்ஜெட் தப்பாப் போச்சுன்னா என்ன ஆகும்?

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்கு வந்து மூன்றாவது வருடம். ஊரின் பெயர் வேண்டாம். மன்றக் கூட்டத்தில் ஆறு வார்டும் ஆறு வேலை கேட்டது. ஐந்துக்குத்தான் பணம் இருந்தது. ஆறாவதையும் உள்ளே கொண்டுவர ஒரே வழி வரவைக் கூட்டுவது. வீட்டு வரியில் வசூலாகும் தொகையை விட்டுவிட்டு மொத்தக் கேட்பை அப்படியே எழுதினேன். குடிநீர்க் கட்டணத்திலும் அதேதான். இரண்டு பக்கமும் பொருந்தியது, எல்லாருக்கும் சந்தோஷம், தீர்மானம் நிறைவேறியது.

ஆவணி வரை ஒன்றும் தெரியவில்லை. புரட்டாசியில் ஆறாவது வேலை, ஒரு சிறு வடிகால், முடிந்து பணம் கொடுத்தோம். தை மாதம் பொது நிதியில் பணம் இல்லை. தொட்டி இயக்குபவருக்கு இரண்டு மாத ஊதியம் நின்றது. அவர் என்னிடம் சண்டை போடவில்லை. காலையில் வந்து மோட்டார் ரூம் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, "சார், கடையில கடன் சொல்ல முடியல" என்றார். வடிகாலுக்குக் கொடுத்த பணம் அவருடைய சம்பளம். காகிதத்தில் நான் எழுதிய ஒரு பொய்யான எண்ணின் விலையை அவர் கொடுத்தார். மார்ச் வசூலில்தான் அதைத் தீர்க்க முடிந்தது. அதன் பிறகு ஒரு வருடம் கூடக் கேட்பை வரவாக எழுதியதில்லை.

இது மாதிரித் தவறை வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். பட்ஜெட் படிவத்தில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று எண் இருக்கும்: போன வருடம் உண்மையில் வந்தது, நடப்பு வருடத்துக்குத் திருத்திய மதிப்பீடு, வரும் வருடத்துக்கான மதிப்பீடு. முதல் எண் 1,30,000 என்று இருந்து மூன்றாவது 2,50,000 என்று இருந்தால், ஏன் என்று கேளுங்கள். புதிதாக வீடுகளுக்கு வரி விதித்தார்களா, கட்டணம் கூட்டினார்களா? பதில் இல்லை என்றால் அந்த பட்ஜெட்டில் ஓட்டை இருக்கிறது. செலவுப் பக்கத்தில் "இதரச் செலவு" மற்ற இனங்களை விடப் பெரிதாக இருந்தாலும் கேட்க வேண்டும். இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. தண்ணீருக்கு வந்த மானியம் செலவாகாமல் இருப்பில் கிடக்கும், குக்கிராமத்தில் பெண்கள் குடத்தோடு நடந்துகொண்டிருப்பார்கள். அங்கே பணம் பற்றாக்குறை இல்லை, மதிப்பீடு போட்டு அனுமதி வாங்க யாரும் நடக்கவில்லை என்று அர்த்தம்.

தலைவரே இல்லாத ஊர்ல என்ன செய்வாங்க?

தேர்தல் தள்ளிப்போனால் அரசு தனி அலுவலரை நியமிக்கும். தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் தேர்தல் வரை அப்படித்தான் ஓடியது. அந்தத் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தபோதும் 28 மாவட்டங்களில் மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். மன்றத்தின் வேலையை அவரே செய்வார், பட்ஜெட்டும் வரும். ஆனால் ஒரு அலுவலர் ஒரே நேரத்தில் பல ஊராட்சிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. எந்தத் தெருவில் எந்தக் குழாய் உடைகிறது என்று வார்டு உறுப்பினருக்குத் தெரிவது மாதிரி அவருக்குத் தெரிய வழியில்லை. அந்தக் காலத்தில் கிராம சபைக்குப் போவது இன்னும் அவசியம், ஊர் பேசுவதற்கு வேறு மேடை அப்போது இருக்காது.

எங்க ஊர் பட்ஜெட்டை நான் பார்க்க முடியுமா?

முடியும். egramswaraj.gov.in என்ற தளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் உங்கள் ஊரின் வளர்ச்சித் திட்டமும், என்ன வேலைக்கு எவ்வளவு என்ற விவரமும் கிடைக்கும். பள்ளிக் கணினியிலேயே பார்க்கலாம். முழு வரவு செலவுத் திட்டத்துக்கு ஊராட்சி அலுவலகத்துக்குப் போங்கள். கேட்டால் காட்டுவார்கள். காட்டவில்லை என்றால் 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிக் கொடுத்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

கேட்கும்போது "பட்ஜெட் நகல்" என்று மட்டும் எழுதாதீர்கள். அதோடு போன வருடத்தின் கேட்பு, வசூல், நிலுவைச் சுருக்கத்தையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு பக்கம்தான் இருக்கும். அந்த ஒரு பக்கத்தைப் பட்ஜெட்டின் வரவுப் பக்கத்துக்குப் பக்கத்தில் வைத்து, வீட்டு வரி என்ற வரியில் விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு எண்ணும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால், உங்கள் ஊர் தொட்டி இயக்குபவருக்குத் தை மாதம் சம்பளம் வந்துவிடும்.